அந்திவெள்ளி ஒரே சொல்

ஐந்தாவது விதி இப்படிச் சொல்கிறது: "குறிச்சொல் தந்தியாகக் கிடைத்த அன்றே, தரகர் அதே சொல்லைத் திருப்பித் தந்தியடித்து உறுதி செய்ய வேண்டும். மறுநாள் காலைக்குள் உறுதி வராவிட்டால், அனுப்பியவர் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்."

எழுதியவன் நான்தான். தட்டச்சு செய்து, மூன்று படிகள் எடுத்து, ஒன்றைச் சென்னையில் இருந்த பங்குத் தரகருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் சேர்த்தவனும் நான்தான். முப்பத்து மூன்று ஆண்டுகள் கருவூலத்தில் இருந்தவனுக்கு விதி எழுதுவது ஒரு கெட்ட பழக்கம். விதியைப் பின்பற்றுவது வேறு வேலை. அதற்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசி. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் பத்திரிகை வந்ததும் எடுத்துக்கொண்டு கீழவாசல் பக்கம் ஒரு சாயக்கடையின் மாடிக்குப் போய்விடுவேன். கடைக்காரரான பாய் எனக்குப் பள்ளித் தோழர். கைத்தறிக்காரர்களுக்கு நூல் சாயம் விற்பவர். அவரைப் பார்க்க ஒரு தடவை ஜப்பான் சாயக் கம்பெனியின் ஆள் வந்தார். இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலம்தான். போகும்போது அவர் ஒரு புத்தகத்தை விட்டுச் சென்றார். டோக்கியோவில் அச்சான ஆங்கிலப் புத்தகம். பங்கு விலைகளை மெழுகுவர்த்தியாக வரைவது எப்படி என்பது அதன் விஷயம். பாய் அதை என்னிடம் தந்து, "கலர் கெமிஸ்ட்ரின்னு நெனச்சு வாங்கி வச்சேன். உள்ள பூரா மெழுகுவத்தியா இருக்கு. என்னான்னு பாரு" என்றார்.

ஒரு நாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி. அன்று முதலில் நடந்த வியாபாரத்தின் விலையும் கடைசி விலையும் உடலின் இரு முனைகள். அன்றைய உச்சமும் தாழ்வும் மேலும் கீழும் நீளும் திரிகள். விலை ஏறி முடிந்தால் உடலை வெள்ளையாக விட வேண்டும், இறங்கி முடிந்தால் கறுப்பாக நிரப்ப வேண்டும். பத்திரிகையில் நான்கு விலைகளும் வந்தன. பாய் வரைபடத் தாளில் இந்தியன் மையால் வரைவார். சாயம் கலக்கும் கை என்பதால் ஓரம் பிசகாது. நான் விலை வாசிப்பேன், விதி சொல்வேன்.

புத்தகத்தில் எங்களுக்குப் பிடித்தவை இரண்டு உருவங்கள். விலை இறங்கிக்கொண்டே வந்து, ஒரு நீண்ட கறுப்பு. அடுத்த நாள் அதற்கும் கீழே, இடைவெளி விட்டு, ஒரு குட்டி உடல்; அதுதான் நட்சத்திரம். மூன்றாம் நாள் நீண்ட வெள்ளை எழுந்து முதல் நாள் கறுப்புக்குள் நன்றாக நுழைந்து முடிகிறது. இறக்கம் அத்தோடு நின்றது என்று பொருள். விலை ஏறிக்கொண்டே வந்து இதே மூன்றும் தலைகீழாக அமைந்தால் ஏற்றம் முடிந்தது என்று பொருள். முன்னதற்கு விடிவெள்ளி என்றும் பின்னதற்கு அந்திவெள்ளி என்றும் நான் பெயர் வைத்தேன். நல்ல தமிழ்ப் பெயர்கள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இந்த மாடிக்கு வந்து சேர்ந்ததும் என்னால்தான். சாலை அகலப்படுத்த அவர் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்தபோது நஷ்ட ஈட்டுப் பட்டியல் என் மேசை வழியாகப் போனது. கிடைத்த தொகையில் பாதியை, வங்கியில் யாரோ சொன்னார்கள் என்று, ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கில் போட்டிருந்தார். ஒரு நாள் அந்தச் சான்றிதழ்களை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

அவருக்கு வேண்டியது ஒரு கிணற்றில் பாதி. அவர் வயலுக்குத் தண்ணீர் தரும் கிணறு அவருக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் பொது. நாள் விட்டு நாள் முறை. அந்தப் பங்காளி தன் பாதியையும் அதை ஒட்டிய நிலத்தையும் விற்பதாகச் சொல்லிவிட்டார். இவர் வாங்காவிட்டால் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வாங்கத் தயார். "ஆடியில பத்திரம் போடமாட்டேன். ஆவணி மொத வாரம் நீ வந்தா உனக்கு, வரலைன்னா அவருக்கு" என்பது பங்காளியின் பேச்சு. பங்குகளை அன்றைய விலைக்கு விற்றால் போதாது. இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும்.

"எம்புட்டு நாள் வச்சிருக்கலாம் சார்? ஏறுது ஏறுதுன்னு இருந்து பொத்துன்னு விழுந்துட்டா?"

"விழுறதுக்கு முன்னாடி சொல்லிட்டு விழும்யா" என்றேன். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு எந்த விதியும் இல்லை.

அடுத்த வாரமே மாடியில் அவருக்கு அந்திவெள்ளியை விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "வெள்ளின்னா வெள்ளிக்கிழமையா சார்? அன்னைக்குத்தான் வருமா?" என்றார்.

பாய் தாளிலிருந்து நிமிராமல், "இல்ல மாப்ள, கொலுசு செய்யிற வெள்ளி" என்றார்.

நானும் சிரித்தேன். வானத்தில் இருக்கும் வெள்ளிக்கும் கிழமைக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து நிமிடம் விளக்கினேன். கருவூலத்தில் தவறான பட்டியல் கொண்டுவருபவர்களிடம் பேசும் அதே குரலில்தான் விளக்கியிருப்பேன்.

சான்றிதழ்களை அவர் பெயரிலேயே சென்னைத் தரகரிடம் ஒப்படைத்திருந்தோம். மதுரையிலிருந்து எழுத்தில் உத்தரவு தருவதற்குத் தந்திதான் வேகமான வழி. "விற்கவும்" என்று வெட்ட வெளிச்சமாகத் தந்தியில் எழுத எனக்கு மனமில்லை. ஆகவே குறிச்சொல் வைத்தேன். விடிவெள்ளி என்றால் உடனே வாங்க வேண்டும், அந்திவெள்ளி என்றால் அனைத்தையும் உடனே சந்தை விலைக்கு விற்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றும் ஒரே சொல். தரகர் அலுவலகத்தில் இதைக் கவனிக்க ஒரு எழுத்தர் இருந்தார். எத்தனை பங்குகள் கைமாறின என்பது பத்திரிகையில் வராது. அதை அவர் தினமும் ஒரு தபால் அட்டையில் எழுதி மாலை ரயில் தபாலில் சேர்ப்பார். மறுநாள் முற்பகல் எனக்குக் கிடைக்கும்.

ஆனி மாதத் தொடக்கத்தில் முதல் பயம் வந்தது. நீண்ட வெள்ளை ஒன்று, மறுநாள் அதற்கு மேலே குட்டி உடல். விவசாயி அன்று பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில் மாடி ஏறினார்.

"வந்துருச்சுல்ல சார். வித்துருவமா?"

"ரெண்டுதான் வந்திருக்கு. மூணாவது முடியணும்."

"மூணாவது வாரதுக்குள்ள விழுந்துட்டா?"

"விழுந்தா அதுதான் மூணாவது. விழலைன்னா அது நட்சத்திரமே இல்ல, சும்மா ஒரு குட்டி நாள்."

"நீங்க சொல்றது, மாடு குத்துன பெறகு வெலகுற கணக்கா இருக்கு."

மூன்றாவது நாள் கறுப்பாகத்தான் முடிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து பாய் டீ வரவழைத்தார். நான் கட்டங்களை எண்ணிக் காட்டினேன். முதல் நாள் வெள்ளை உடல் பன்னிரண்டு கட்டம். மூன்றாம் நாள் கறுப்பு அதற்குள் மூன்று கட்டம்தான் இறங்கியிருந்தது. பாதிக்குக் கீழே போயிருக்க வேண்டும். நட்சத்திரத்துக்கும் முதல் உடலுக்கும் நடுவே இடைவெளியும் இல்லை, ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. எழுத்தரின் அட்டையில் மூன்றாம் நாள் வியாபாரம் வழக்கத்தைவிடக் குறைவு. விற்பவர் கூட்டம் வரவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, விலை அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. திரும்புவதற்கு முன் ஏதாவது ஒரு தூரம் போயிருக்க வேண்டாமா?

"விற்கக் கூடாது" என்றேன்.

விற்கவில்லை. மறுநாள் விலை அந்தக் குட்டி உடலைத் தாண்டி மேலே போனது. மூன்று வாரம் ஏறியது. அடுத்த தடவை வந்தபோது அவர் தோட்டத்துக் கத்திரிக்காய் கொண்டுவந்தார். என்னை "சார்" என்று கூப்பிடும் குரலே மாறியிருந்தது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

ஆடி பிறந்து சில நாட்களில் நிஜமானது வந்தது. வியாழக்கிழமை நீண்ட வெள்ளை. ஆனால் ஏறிய அளவுக்கு வியாபாரம் இல்லை. வெள்ளிக்கிழமை இடைவெளி விட்டு மேலே ஒரு குட்டி உடல், கிட்டத்தட்ட கோடு, ஆரம்பமும் முடிவும் ஏறக்குறைய ஒரே விலை. போன வருடம் விலை தொட்டுவிட்டுத் திரும்பிய உயரமும் அதுதான். திங்கட்கிழமை மறுபடி இடைவெளி விட்டுக் கீழே தொடங்கி, கறுப்பாக இறங்கி, முதல் நாள் உடலில் முக்கால் பங்கைத் தின்றுவிட்டு முடிந்தது. செவ்வாய் காலை பத்திரிகையில் அதைப் பார்த்ததும் பாய் பேனாவைத் துடைத்தார். தபால்காரர் அட்டையைக் கொண்டுவந்தபோது மணி பதினொன்று. திங்கட்கிழமை வியாபாரம் வழக்கத்தைப் போல இரண்டரை மடங்கு. அட்டையின் அடியில் எழுத்தர் பொடியாக இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: "மனைவிக்குப் பிரசவம். நாளை முதல் ஒரு வாரம் விடுப்பு."

அதையும் படித்தேன். படித்துவிட்டு அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

நிபந்தனைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. நீண்ட ஏற்றம், இரு பக்கமும் இடைவெளி, பாதியைத் தாண்டிய மூன்றாம் உடல், மூன்றாம் நாள் பெருத்த வியாபாரம், பழைய உச்சத்தில் முட்டிய இடம். புத்தகத்தில் உள்ள படத்தைவிடச் சுத்தமாக இருந்தது. திங்கள் முடிவு விலைக்கு விற்றால் கிணற்றுக்குப் போக ஒரு ஜோடி உழவு மாட்டுக்கும் மிஞ்சும். அன்று சந்தை முடிவதற்குள் தந்தி எட்டாவிட்டாலும் புதன்கிழமை விற்றுவிடுவார்கள், அதுவும் போதும்.

தலைமைத் தபால் அலுவலகத்தின் தந்திக் கவுண்டரில் கூட்டம். கவுண்டரில் இருந்த அம்மாள் படிவத்தைத் திருப்பிப் பார்த்து, "எக்ஸ்பிரஸா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ரசீதைக் கோப்பில் வைத்தேன். மாலையில் விவசாயி வந்தபோது, "முடிஞ்சதுய்யா" என்றேன்.

"பங்காளிக்குச் சொல்லிரவா சார்?"

"சொல்லு."

புதன் காலை உறுதித் தந்தி வரவில்லை. ஐந்தாவது விதிப்படி நான் டிரங்க் கால் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தந்தி வழியில் எங்காவது தாமதமாகியிருக்கும், தரகர் அலுவலகத்தில் மறந்திருப்பார்கள், விற்றதற்கான சீட்டு தபாலில் வரும். இப்படித் தன் கீழ் வேலை செய்பவன் சொன்னால் எந்த அதிகாரியும் நம்பமாட்டான். எனக்கு நானே சொன்னபோது நம்பினேன். உண்மையில் நான் அன்று பத்திரிகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விலை விழுந்துகொண்டிருந்தது. என் அந்திவெள்ளி பலித்துக்கொண்டிருந்தது. அந்த மகிழ்ச்சியில் ஒரு தொலைபேசி அழைப்புக்கு எங்கே இடம்?

வியாழக்கிழமை நீண்ட கறுப்பு. வெள்ளிக்கிழமை அதற்கும் கீழே ஒரு குட்டி உடல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விற்ற சீட்டு வந்தது. விற்ற நாள் வெள்ளிக்கிழமை. சந்தையின் கடைசிப் பத்து நிமிடத்தில்.

அன்றே டிரங்க் கால் போட்டேன். விடுப்பில் போனவருக்குப் பதிலாக இருந்தவர் பேசினார். மரியாதையான ஆள்.

"விக்கச் சொல்லி உங்க தந்தி வரும்னு மட்டும் அவர் சொல்லிட்டுப் போனாருங்க. அந்தி, வெள்ளின்னு வந்துச்சு. வெள்ளிக்கிழமை அந்தியில விக்கணும்னு புரிஞ்சுக்கிட்டோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பத்திரமா வச்சிருந்து, கடைசில வித்துக் குடுத்தோம். தப்புங்களா?"

 தமிழ் தெரிந்த ஒரு நல்ல மனிதர் தமிழை ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

பாய் திங்கட்கிழமையின் உடலை அன்று காலைதான் வரைந்து முடித்திருந்தார். நீண்ட வெள்ளை. வியாழன் கறுப்பில் பாதியைத் தாண்டி மேலேறி முடிந்திருந்தது. வியாழன், வெள்ளி, திங்கள். விடிவெள்ளி. இறக்கம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை என்பதால் புத்தகம் இதற்கு முழு மதிப்பெண் தராது. ஆனால் இடைவெளிகள் இருந்தன, வியாபாரமும் பெருத்திருந்தது என்று தொலைபேசியில் பேசியவர் சொன்னார். நான் முழு மதிப்பெண் தராவிட்டாலும் விலை கவலைப்படவில்லை. ஆவணி பிறக்கும்போது பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. அந்திவெள்ளியில் விற்கச் சொன்ன பங்குகள், விடிவெள்ளியின் நட்சத்திரத்தில், அந்த மாதத்தின் ஆகக் குறைந்த விலையில் போயிருந்தன.

பாய் தாளை மடித்தார். "அவன்கிட்ட யார் சொல்றது?" என்றார்.

நான்தான் சொன்னேன். சொல்லும்போது, "தந்தி ஆபீஸ்ல ஒத்தச் சொல்லை ரெண்டாப் பிரிச்சு அனுப்பிட்டாங்க" என்றேன். அப்போது அதை நான் நம்பினேன். எழுதியது ஒரே சொல் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். அவர் சீட்டை வாங்கி, விற்ற தேதியின் மேல் விரலை வைத்தார்.

"வெள்ளிக்கிழமையா சார்னு அன்னைக்கே கேட்டேன்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. எதையோ சரிபார்ப்பவர் போலச் சொன்னார்.

குறைந்ததைத் திரட்டக் கூட்டுறவு வங்கிக்குப் போனார். மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன், இணைப்புகள் ஒன்பதும் சரியாக வைத்து. ஆவணி மூன்றாம் வாரம்தான் குழு கூடும் என்றார்கள். பங்காளி சொன்ன சொல்லில் நின்றார். முதல் வாரம் செங்கல் சூளைக்காரர் பெயரில் பத்திரம் பதிவானது.

நான் வேலையைத் தொடங்கினேன். தந்தித் துறைக்குப் புகார், பதிவுத் தபாலில். என் கையால் நிரப்பிய மூலப் படிவத்தின் சான்றிட்ட படி வேண்டும், அதற்கான கட்டணம் இத்துடன். பதினைந்து நாளில் நினைவூட்டு. பிறகு மேலதிகாரிக்கு, கீழதிகாரிக்கு எழுதியதன் படியுடன். ஒரு புகாரை எந்த மேசையும் மறக்கமுடியாதபடி எழுத எனக்குத் தெரியும். ஐப்பசியில் ஒரு துண்டுக் கடிதம் வந்தது: புகார் விசாரணையில் உள்ளது, சம்பந்தப்பட்ட கவுண்டர் ஊழியரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. அந்த அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. எக்ஸ்பிரஸா என்று மட்டும் கேட்டவர். எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மார்கழியில் பெரியார் பேருந்து நிலையத்தில் விவசாயியைப் பார்த்தேன். கையில் டிபன் தூக்கு. கப்பலூர்ப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

"வயல்?"

"சூளைக்காரரு கெணத்துல பெரிய மோட்டார் போட்டுட்டாரு சார். அவர் முறை முடிஞ்சு என் முறை வாரப்ப சேறுதான் கெடக்கு. மல்லுக்கு நிக்க ஏலாது. போட்டது போட்டபடி கெடக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே, "உங்க கணக்கு சரியாத்தான் சார் இருந்துச்சு. சொன்ன அன்னைக்கே விழுந்துச்சுல்ல. பாய்கூடச் சொன்னாரு, அப்படி ஒரு அந்திவெள்ளி ஆயுசுக்கு ஒருக்கத்தான் வருமாம். அந்தத் தந்திக்காரங்க செஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றார். பிறகு, "பதில் வந்துச்சா?"

"வரலை. விடமாட்டேன்."

"விட்ராதீங்க சார். அந்தத் தந்திக்காரங்களக் கேட்டுட்டுத்தான் விடணும். அந்த ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்" என்றார். அவருடைய பஸ் வந்துவிட்டது. படியில் நின்றுகொண்டே, "வாரேன் சார்" என்றார்.

தை முடிவில் இன்னொரு நினைவூட்டு அனுப்பினேன். அதில் நான் பயன்படுத்திய சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை.

பதில் ஒரு நீளமான பழுப்பு உறையில் வந்தது. கவுண்டர் ஊழியரின் விளக்கம் ஏற்கப்பட்டது என்றும், தந்தி படிவத்தில் உள்ளபடியே அனுப்பப்பட்டது என்றும், கட்டணம் செலுத்திக் கோரிய சான்றிட்ட படி இணைக்கப்பட்டுள்ளது என்றும் கடிதம் சொன்னது. படியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கையெழுத்து. கருவூலத்தில் எல்லோரும் புகழ்ந்த, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதும் பெரிய எழுத்து. அந்தி என்று எழுதி, ஒரு விரல் அகலம் இடம் விட்டு, வெள்ளி என்று எழுதியிருக்கிறேன். விண்மீனையும் பொழுதையும் பிரித்துப் படிப்பதுதான் எனக்குப் பழக்கம். அதன் கீழே சொற்களின் எண்ணிக்கைக்கான கட்டத்தில் கூடுதலாக ஒரு சொல்லுக்கான கட்டணத்தை அந்த அம்மாள் சரியாகச் சேர்த்திருக்கிறார். நான் சரிபார்க்காமல் கொடுத்திருக்கிறேன். உறையின் மேல், வழக்கப்படி, பெற்ற தேதியைச் சிவப்பு மையில் குறித்தேன்: மார்ச் ஒன்பது.